ஒரு ‘ள்’ இடைவெளி

காங்கேயத்துக்குப் பக்கத்தில் கொப்பரைக் களமும் மரச்செக்கும் வைத்திருக்கிறார் என் நண்பர் ஒருவர். செக்கடிக்கே வந்து வாங்குகிறவர்கள் போக மிஞ்சுகிற தேங்காய் எண்ணெயை மதுரை மளிகைக் கடைகளில் போட்டுப் பார்க்கலாம் என்று போன வருடம் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. தெரிந்தவர்கள் மூலமாகச் சுமார் 40 கடைகளின் நம்பர்கள் கிடைத்தன. நேரில் ஏறி இறங்க ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார். அரை மணி நேரம் யோசித்து அவர் எழுதியது இது:

“பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்களின் மேலான கவனத்திற்கு. எங்கள் நிறுவனத்தில் பாரம்பரிய முறையில் தயாரிக்கப்படும் உயர்தர மரச்செக்கு தேங்காய் எண்ணெய் மொத்த விலையில் வழங்கப்படும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம். தாங்கள் தங்களது மேலான ஆதரவினை நல்கி எங்கள் வளர்ச்சிக்கு உறுதுணையாக இருக்குமாறு பணிவன்புடன் கேட்டுக் கொள்கிறோம். மேலும் விவரங்களுக்குக் கீழ்க்காணும் எண்ணை அழைக்கவும்.”

பத்துக் கடைகளுக்கு அனுப்பினார். பத்திலும் நீலக் கோடு விழுந்தது. பதில் ஒன்றுகூட இல்லை.

“மாமா, இதெல்லாம் யாரு படிப்பா? நான் எழுதித் தர்றேன்” என்று கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் போனை வாங்கிக்கொண்டான். அவன் எழுதியது:

“ஹாய் அண்ணா! எப்டி இருக்கீங்க? நம்ம செக்கு எண்ணெய் டேஸ்ட் பண்ணிருக்கீங்களா? செம குவாலிட்டிண்ணா. ஒரு தடவ வாங்கிப் பாருங்க, அப்புறம் விடவே மாட்டீங்க! இப்பவே ஆர்டர் போடுங்க!!”

இது இன்னொரு பத்துக் கடைக்குப் போனது. இந்த முறை இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று, “யார் நீங்க?” மற்றொன்று, “நம்பர் யார் குடுத்தா?”

அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் அந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தமிழில் முன்பின் தெரியாத ஒரு கடைக்காரருக்கு எழுதுவது ஏன் இத்தனை சங்கடமாக இருக்கிறது என்று கொஞ்சம் பிடிபட்டது.

முதல் செய்தியில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அது கடைக்காரரோடு பேசவில்லை. அதில் இருக்கும் தமிழ் கல்யாணப் பத்திரிகையில் பாதி, நகராட்சி அறிவிப்பில் பாதி. ‘மேலான ஆதரவினை நல்கி’ என்பதைப் படித்ததும் கண் தானாகவே அடுத்த வரிக்குத் தாவிவிடும். ஏனென்றால் அந்த மாதிரி வரிகளில் விஷயம் இருக்காது என்று இத்தனை வருட அனுபவத்தில் எல்லாருக்கும் தெரியும். கல்லாவில் உட்கார்ந்து ஒரு கையால் சில்லறை எண்ணிக்கொண்டே மறு கையில் போனைப் பார்க்கிறவர், ‘நல்கி’ வரைக்கும் வந்திருக்க மாட்டார்.

அதைவிடப் பெரிய கோளாறு ‘அழைக்கவும்’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘-வும்’ என்று முடியும் ஏவல் மரியாதையானது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். காலணிகளை வெளியே விடவும். வரிசையில் நிற்கவும். சில்லறை கொடுத்து உதவவும். எதிரில் ஆள் இல்லாதபோது சுவரில் எழுதி வைக்கும் மொழி அது. முகம் பார்த்துப் பேசுகிற யாரும் ‘உட்காரவும்’ என்று சொல்வதில்லை. கடைக்காரருக்கு எழுதும்போது ‘-வும்’ போட்டால், மரியாதை போல ஆரம்பித்துப் பலகையில் போய் முடிகிறது.

‘வழங்கப்படும்’ என்பதும் அந்த ஜாதிதான். யார் வழங்குவார்? ‘பழுதான பாட்டில்கள் மாற்றித் தரப்படும்’ என்று எழுதினால் கடைக்காரர் நம்ப மாட்டார். மாற்றித் தருகிற ஆள் அந்த வாக்கியத்தில் இல்லை. இதற்கு முன் எத்தனையோ கம்பெனிக்காரர்கள் ‘தரப்படும்’ என்று சொல்லிவிட்டுப் போய், தேதி முடிந்த சரக்கு அவர் பரணிலேயே கிடக்கிறது. ‘நானே மாற்றித் தருகிறேன்’ என்று எழுதும்போது அதில் ஒரு மனிதர் மாட்டிக்கொள்கிறார். அதுதான் வேண்டும்.

அப்படியானால் தமிழில் மரியாதை எங்கே இருக்கிறது? பெரிய சொற்களில் இல்லை, வினைமுற்றின் வாலில் இருக்கிறது. ‘சொல்லு’, ‘சொல்லுங்க’, ‘சொல்லுங்கள்’. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நம் சமூகத்தின் ஏற்ற இறக்கம் எல்லாம் நடக்கிறது. ஒருவரைப் பலராகச் சொல்லி உயர்த்துவது புதுப் பழக்கமும் இல்லை. இலக்கணப்படி அது முறையல்ல, ஆனாலும் உலக வழக்கில் உயர்த்திச் சொல்வதற்காக அப்படிச் சொல்கிறார்கள் என்று தொல்காப்பியரே சொல்லதிகாரத்தில் குறித்துவைத்திருக்கிறார். அந்தப் பன்மை ஒன்று போதும். ‘நீங்கள்’, ‘உங்கள்’, ‘சொல்லுங்கள்’ என்று சரியாக இருந்தால், மற்ற சொற்கள் எல்லாம் கடைத்தெருவில் புழங்கும் சொற்களாகவே இருக்கலாம். மரியாதை ஒரு பொட்டுக்கூடக் குறையாது. அதனால் ‘தாங்கள்’ தேவையில்லை. எதிரே இருப்பவரைப் பார்த்து ‘தாங்கள்’ என்று சொல்வதை மேடையிலும் சரித்திரப் படத்திலும்தான் கேட்க முடிகிறது.

‘தயவுசெய்து’ என்பதற்கும் இதே கதி. தமிழில் அது ஒன்று கெஞ்சல், அல்லது கண்டிப்பு. நம் கடைகளில் பணிவைச் சுமக்கும் சொல் ‘கொஞ்சம்’. “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா”, “கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க”. அளவைக் குறிக்கும் ஒரு சாதாரணச் சொல், கேட்கும் உதவியைச் சிறிதாக்கிக் காட்டி அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

சரி, அக்கா மகன் எழுதியதில் என்ன குறை? ‘ங்க’ எல்லாம் சரியாகத்தானே இருந்தது?

இதைப் புரிந்துகொள்ள, ஒரு நல்ல லைன் சேல்ஸ்மேன் கடைக்கு வரும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வந்ததும் பேச மாட்டார். படிக்கு ஓரமாக, வாடிக்கையாளருக்கு வழி விட்டு நிற்பார். கூட்டம் கரையும் வரை காத்திருப்பார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்த பிறகு, “வணக்கம்ணே” என்பார், அதுவும் பாதிக் குரலில். அப்புறம் அவர் எவ்வளவு கொச்சையாகப் பேசினாலும் எடுபடும். “அண்ணே, நம்ம கடைக்கு ரெண்டு பெட்டி போட்டுட்டுப் போறேன்” என்றால்கூடத் தப்பாகப் படாது. மரியாதை முழுவதையும் அவர் உடம்பாலும் பொறுமையாலும் ஏற்கெனவே செலுத்திவிட்டார்.

அதே வாக்கியத்தை எழுத்தில் போட்டால் நிற்பது, காத்திருப்பது, குரல் தாழ்த்துவது எல்லாம் உதிர்ந்துபோகும். வெறும் சொல் மட்டும் நடுக்கடையில் வந்து நிற்கும். முன்பின் தெரியாதவர் எழுதும் ‘நம்ம கடை’ உரிமை எடுத்துக்கொள்வதாகத் தோன்றுகிறது. ‘எப்டி இருக்கீங்க’ என்றால், இவன் யார் என் நலம் விசாரிக்க என்று கேட்கத் தோன்றுகிறது. ‘இப்பவே ஆர்டர் போடுங்க’ என்பது இங்கிலீஷ் விளம்பரத்திலிருந்து இறங்கிய அதட்டல். எந்த சேல்ஸ்மேனும் கடைக்காரர் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. வந்த இரண்டு பதில்களும் இதைத்தான் கேட்டன: யார் நீ, யார் சொல்லி வந்தாய்? படிக்கு ஓரமாக நிற்காமல் நேரே உள்ளே வந்துவிட்டவனைக் கேட்கிற கேள்விகள் அவை.

பேச்சுத் தமிழை அப்படியே எழுதுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்குப் பொதுவான எழுத்துமுறை கிடையாது. சரக்கு வந்த சேதியைச் சென்னையில் ‘வந்துடுச்சு’ என்பார்கள், மதுரையில் ‘வந்திருச்சு’, நெல்லையில் ‘வந்துட்டு’, கொங்கில் ‘வந்துருச்சுங்க’. எதை எழுதினாலும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். காங்கேயத்துக்காரர் மதுரை வழக்கில் எழுதினால் நடிப்பு. கொங்கு வழக்கில் எழுதினால் மதுரைக்காரர் இரண்டு முறை படிக்க வேண்டும். எழுத்து வழக்கின் வினைமுற்றுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘வருகிறது’, ‘தருகிறேன்’, ‘சொல்லுங்கள்’ எந்த ஊரையும் சேர்ந்தவை அல்ல. பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் கண் பழகியவை. வேகமாகப் படித்துவிடலாம்.

ஆகவே நாங்கள் வந்து சேர்ந்த கலவை இது: வினைமுற்று எழுத்துத் தமிழில், பெயர்ச்சொற்கள் கடைத்தெருவில். ‘கொள்முதல் விலை’ வேண்டாம், ‘ரேட்’. ‘தயாரிப்பு’ வேண்டாம், ‘சரக்கு’. ‘விநியோகம்’ வேண்டாம், ‘வண்டி வருகிறது’. வாக்கியம் மட்டும் பேசும் நீளத்தில், ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நடுவில் மூச்சு வாங்கினால் அந்த வாக்கியத்தை வெட்ட வேண்டும்.

எப்படி அழைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. மதுரையில் ‘அண்ணே’ என்பது காற்றில் கலந்த சொல். ஆனால் எழுத்தில், முதல் தடவை, வயது தெரியாமல் போட முடியாது. எதிரே அறுபது வயதுக்காரர் இருக்கலாம், எழுதுகிறவரைவிட இளையவரும் இருக்கலாம். ‘அண்ணாச்சி’ என்ற சொல்லில் எனக்கு ஆசை உண்டு, நல்ல சொல். ஆனால் தெற்கத்திக்காரர் என்று உறுதியாகத் தெரியாத ஒருவரை அப்படி எழுதினால், அவருடைய ஊரையும் சில நேரம் சாதியையும் நாம் ஊகித்ததாக ஆகிவிடும். கடைப் பெயரைப் பார்த்து ‘செட்டியார்’, ‘பாய்’ என்று போடுவதும் அதே ஊகம்தான். நேரில் பழகிய பிறகு அவையெல்லாம் அன்பான விளிகளாக இருக்கலாம். முதல் வரியில் வேண்டாம். ‘முதலாளி’ வேலையாளும் கொடவுன்காரரும் சொல்வது. ‘சார்’ தப்பில்லை, ஆனால் கொஞ்சம் வங்கி வாசனை அடிக்கும். கடைசியில் ‘ஐயா வணக்கம்’ என்று முடிவு செய்தோம். அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது விஷயம். மளிகைக் கடைக்காரர் ஒரு புதுச் சரக்கைப் பற்றி மனதில் கேட்டுக்கொள்வது நாலைந்து கேள்விகள்தான். எனக்கு என்ன ரேட்டுக்கு வருகிறது, எவ்வளவு நிற்கும், காசு எப்போது கொடுக்க வேண்டும், விற்காவிட்டால் யார் தலையில், சரக்கு ஒழுங்காகத் தொடர்ந்து வருமா. ‘பாரம்பரிய முறை’, ‘கலப்படமற்ற தூய்மை’ என்பவை எல்லாம் அவருடைய வாடிக்கையாளருக்கான பேச்சு. அவற்றை லேபிளில் போட்டுக்கொள்ளலாம். கடைக்காரருக்கான செய்தியில் அவை இடத்தை அடைக்கும்.

இங்கே ‘நிற்கும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நண்பர் முதலில் ‘14 சதவீத லாபம்’ என்று எழுதியிருந்தார். கடைக்காரர் அப்படி நினைப்பதில்லை. “பாட்டிலுக்கு எவ்வளவு நிக்கும்?” என்பதுதான் அவருடைய கேள்வி. உதாரணத்துக்கு அரை லிட்டர் பாட்டில் எம்.ஆர்.பி. 290 ரூபாய், கடைக்கு வரி சேர்த்து 250 என்று வைத்துக்கொள்வோம். 40 ரூபாய் நிற்கும். பெட்டிக்கு 12 பாட்டில் என்றால் முதல் 3,000, நிற்பது 480. சதவீதம் சொன்னால் எம்.ஆர்.பி.யில் சதவீதமா, வாங்கும் விலையிலா என்று குழப்பம் வரும். 40 ரூபாய் எம்.ஆர்.பி.யில் 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே, வாங்கும் விலையில் சரியாக 16. ரூபாயில் சொன்னால் அந்தப் பேச்சே இல்லை. ‘வரி சேர்த்து’ என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டால் மட்டும், “ஜி.எஸ்.டி. தனியா?” என்று ஒரு கேள்வி வந்து ஒரு நாள் வீணாகும்.

இத்தனையும் பேசி எழுதி அழித்து, கடைசியில் நின்றது இது. நம்பர் கொடுத்த கடையின் பெயரை மட்டும் இங்கே மறைத்திருக்கிறேன். செய்தியில் அது முழுதாக இருந்தது, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டோம்.

“ஐயா வணக்கம். காங்கேயத்தில் மரச்செக்கு வைத்திருக்கிறேன். கீழமாசி வீதி ______ ஸ்டோர்ஸில் உங்கள் நம்பர் கொடுத்தார்கள். அவர்கள் கடையில் எங்கள் தேங்காய் எண்ணெய் போகிறது.

அரை லிட்டர் பாட்டில் எம்.ஆர்.பி. 290. உங்களுக்கு வரி சேர்த்து 250. பாட்டிலுக்கு 40 ரூபாய் நிற்கும். பெட்டிக்கு 12.

வியாழக்கிழமை மதுரைக்கு வண்டி வருகிறது. முதல் பெட்டிக்கு இப்போது பணம் வேண்டாம். அடுத்த பெட்டி இறக்கும்போது கொடுத்தால் போதும். ஒழுகினாலும் தேதி முடிந்தாலும் நானே மாற்றித் தருகிறேன்.

தோதுப்பட்டால் சொல்லுங்கள், ஒரு பாட்டில் சாம்பிள் கொடுத்து அனுப்புகிறேன். இப்போது வேண்டாம் என்றாலும் பரவாயில்லை.”

கீழே அவர் பெயர், செக்கின் பெயர், ஊர். கூடவே ஒரே ஒரு படம்: பாட்டிலின் பின்பக்கம். எம்.ஆர்.பி., பேக்கிங் தேதி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், எல்லாம் படிக்கும்படியாக. தென்னந்தோப்பும் சூரிய உதயமும் உள்ள படத்தை அனுப்ப அக்கா மகன் விரும்பினான். கடைக்காரர் பாட்டிலை வாங்கியதும் திருப்பித்தான் பார்ப்பார். அதைத்தான் நாமும் காட்ட வேண்டும்.

இந்தச் செய்தியில் ‘வாங்குங்கள்’ என்ற சொல்லே இல்லை. தமிழில் நாகரிகமாகக் கேட்பது பெரும்பாலும் ‘ஆல்’ விகுதியில்தான் நடக்கிறது. தோதுப்பட்டால், சொன்னால், கட்டுப்படியானால். முடிவைக் கடைக்காரர் கையில் வைத்துவிட்டு, நம் பக்கத்து வேலையை மட்டும் சொல்கிறோம். ‘கொடுத்து அனுப்புகிறேன்’ என்பது நம் வேலை. ‘இப்போது வேண்டாம் என்றாலும் பரவாயில்லை’ என்ற வரியை வெட்டிவிடலாம் என்று நண்பர் வாதாடினார். வியாபாரத்துக்குப் போய் நாமே வழி மறுத்துக்கொள்வதா என்றார். ஆனால் படி ஓரமாக நிற்பதற்கு எழுத்தில் சமம் அந்த வரிதான். மறுக்க இடம் இருப்பதால்தான் பதில் சொல்லத் தோன்றுகிறது.

முதல் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. போன் பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது முதல் சில சொற்கள் மட்டுமே. அங்கே ‘பெருமதிப்பிற்குரிய’ இருந்தால் அத்தோடு இடம் முடிந்தது. ‘ஐயா வணக்கம். காங்கேயத்தில்’ என்றால், வணக்கமும் ஊரும் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிடும். நம்மூரில் பேர் கேட்பதற்கு முன் ஊர் கேட்பார்கள்.

சிலர் இதையே எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பப் பார்ப்பார்கள். அங்கே தமிழுக்கு இடம் குறைவு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 குறிகள் கொள்ளும், தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து. மேற்கண்ட செய்தி ஒன்பது துண்டாவது ஆகும். அதோடு, வியாபார எஸ்.எம்.எஸ்.ஸை மொத்தமாக அனுப்ப, அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சின்ன ஆளுக்கு அது ஆகாத வேலை. வாட்ஸ்அப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்று சந்தோஷப்பட்டு மொத்தமாகத் தட்டிவிட்டால், நம் நம்பரைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். முன்பின் தெரியாத கடைக்காரர் பதிந்திருக்க மாட்டார். செய்தி அவரிடம் போகவே போகாது. போனதாக நினைத்து நாம் பதிலுக்குக் காத்திருப்போம். ஒவ்வொன்றாகத்தான் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போதும் பலர் ‘பிளாக்’ செய்தால் நம்பரே முடங்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஐந்தாறு கடை என்று வைத்துக்கொண்டோம்.

நேரம் மதியம் இரண்டரை மணி. காலையில் பாலும் காய்கறியும் டிபன் சாமானும் ஓடும். சாயங்காலம் விளக்கு வைத்ததிலிருந்து கூட்டம். சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் சாய்ந்திருக்கும் நேரம்தான் படிக்கிற நேரம். மாதத்தின் முதல் வாரத்தில் மாதச் சாமான் லிஸ்ட் கட்டவே ஆள் பற்றாது, அப்போது எழுதுவது வீண். மே 5 வணிகர் தினம், பல ஊர்களில் கடை அடைப்பு. அன்றைக்கு அவர்கள் மாநாட்டுக்குப் போயிருப்பார்கள்.

பதில்களைப் படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டியிருந்தது. “பாக்கலாம்” என்று வந்தபோது நண்பர் மகிழ்ந்தார். தமிழ்க் கடைத்தெருவில் ‘பார்க்கலாம்’ பெரும்பாலும் நாகரிகமான ‘வேண்டாம்’. “ரேட் ஜாஸ்தியா இருக்கே” என்று வந்தபோது அவருக்கு முகம் வாடியது. ஆனால் திறந்த கதவு அதுதான். வேண்டாதவர் விலை பேச மாட்டார். அதற்குத் தரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யக் கூடாது. முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்: “ஆமாங்க, மில் எண்ணெயோட பாத்தா ஜாஸ்திதான்.” அதற்கப்புறம் ஒரு காரணம் போதும்.

கவனித்தீர்களா, இங்கே நண்பர் ‘ஆமாங்க’ என்று எழுதிவிட்டார். கடைக்காரர் பேச்சு வழக்கில் பதில் போட்டதும் நாமும் இறங்கிவிடலாம். இறங்க வேண்டும்கூட. அவர் ‘பாக்கலாம்’ என்று எழுதிய பிறகும் நாம் ‘தெரிவிக்கிறேன்’ என்று விறைத்து நின்றால் அது விலகல். முதல் செய்தியில் ‘சொல்லுங்கள்’, இரண்டாவதில் ‘சொல்லுங்க’. நடுவில் உதிர்வது ஒரு ‘ள்’. அந்த ‘ள்’ போகலாம். ‘ங்க’ போகக் கூடாது. கடைக்காரர் வயதில் மூத்தவராக இருந்து, “ஒரு பெட்டி போடுப்பா” என்றோ “தம்பி” என்றோ எழுதினால், அது நமக்குக் கிடைத்த சலுகை. பதிலுக்கு நாமும் ‘ங்க’வை விட்டுவிடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. இந்தப் பாதை ஒருவழிதான்.

பதிலே வராதவர்களுக்கு இரண்டாவது முறை எழுதுவதில் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ‘முன்பு அனுப்பிய செய்தியைப் பார்த்தீர்களா?’ என்பது குற்றப்பத்திரிகை. நாங்கள் ஒரு வாரம் கழித்து, வண்டியைச் சாக்காக வைத்து எழுதினோம்: “ஐயா வணக்கம். நாளைக்கு உங்கள் பக்கம் வண்டி வருகிறது. சாம்பிள் பாட்டில் ஒன்று கொடுத்துவிடச் சொல்லவா?” அவ்வளவுதான். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த நம்பரை விட்டுவிடுவது. மூன்றாவது தடவை எழுதினால், என்றாவது நேரில் போகும்போது அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

டிசம்பரில் ஒரு சங்கடம் வந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் குளிரில் பாட்டில் வெள்ளையாகக் கட்டியதும், கலப்படம் என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நண்பர் ‘இயற்கையான நிகழ்வாகும்’ என்று ஒரு விளக்கக் கடிதம் தயாரித்தார். அதை விட்டுவிட்டு ஒரே வரி அனுப்பச் சொன்னேன்: “குளிருக்கு உறைஞ்சிருக்குங்க, வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சா இளகிரும். வேண்டாம்னு வந்த பாட்டிலை வியாழக்கிழமை எடுத்துக்கிறேன்.” பழகிய கடைகள் என்பதால் முழுப் பேச்சு வழக்கு. புதுக் கடைகளுக்கு இதையே எழுத்து வழக்கில் அனுப்பினார்.

இனி அந்தப் பள்ளம். வில்லாபுரம் பக்கத்துக் கடை ஒன்றுக்கு ‘ஐயா வணக்கம்’ என்று தொடங்கும் செய்தி போயிருந்தது. மூன்று நாள் கழித்து, மதியம் இரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது.

“ஐயா இல்ல. அம்மா.”

நண்பர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

“ஒழுகினா மாத்தித் தருவேன்னு போட்டிருக்கீங்க. மூடி சரியில்லாம வந்தாலும் மாத்துவீங்களா?”

என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தட்டிய பதிலைப் பிறகு காட்டினார். “மன்னிச்சிருங்கம்மா. மாத்தித் தர்றேன், எந்தக் குறையா இருந்தாலும் சொல்லுங்க.”

“சரி. வியாழன் ஒரு பெட்டி போடுங்க. மூணு மணிக்கு மேல வரச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி நான் தூங்குவேன்.”

அதற்குப் பிறகு அனுப்பிய செய்திகளில் ‘ஐயா’வை எடுத்துவிட்டு, கடைப் பெயரைப் போட்டு ‘வணக்கம்’ என்று மாற்றிக்கொண்டோம். அந்தம்மாவுக்கு மட்டும் வண்டி மூன்றரைக்குப் போகிறது.